சொற்பட்டியலைக் காலிக் கட்டத்தில் பொருத்துவது எப்படி: முழுமையான வழிகாட்டி

குறுக்கெழுத்துப் புதிரில் குறிப்பைப் படித்துச் சொல்லைக் கண்டுபிடிக்க வேண்டும். இந்தப் புதிரில் சொற்கள் எல்லாம் பட்டியலாகக் கையில் கொடுக்கப்பட்டிருக்கும். எந்தச் சொல் எந்த இடத்தில் உட்காரும் என்பதுதான் கேள்வி. துணைக்கு இரண்டே தடயங்கள்: சொல்லின் நீளமும், இரண்டு சொற்கள் சந்திக்கும் கட்டத்தில் வரும் எழுத்தும். தமிழில் இந்த இரண்டாவது தடயம் பலர் நினைப்பதைவிட வலிமையானது. அதனால் அதற்குத்தான் இங்கே கூடுதல் இடம்.

கீழே உள்ள சிறிய புதிரையே கடைசிவரை எடுத்துக்கொள்வோம். □ எழுத வேண்டிய கட்டம், ■ அடைத்த கட்டம்.

□□□□□□□
□■■■□■□
□■■□□□□
□■■■□■□
□□□□□■□
■■■□■■■
■■■□□□□
■■■■■□■
■■■□□□■

சொற்கள்: கோலம், சித்திரம், நிம்மதி, பட்டாம்பூச்சி, பல்லக்கு, பழம், பறவை, பூகம்பம், குடும்பம், வைக்கோல்.

மேலிருந்து கீழாக எண்ணுவதை வரி என்றும், இடமிருந்து வலமாக எண்ணுவதை நெடுவரிசை என்றும் சொல்கிறேன். ஒரு முழுச் சொல் உட்காரும் தொடர்ச்சியான வெள்ளைக் கட்டங்களை ‘இடம்’ என்று வைத்துக்கொள்வோம்.

1. பேனாவைத் தொடுவதற்கு முன்

பென்சிலும் ரப்பரும் வேண்டும். வேறு நிறத்தில் இன்னொரு பென்சில் இருந்தால் 7ஆம் படியில் பெரிதும் உதவும். பட்டியலில் பயன்படுத்திய சொல்லை அடிக்கவும் பென்சிலே நல்லது. சொல்லை வெளியே எடுக்க நேர்ந்தால் அந்தக் கோட்டையும் அழிக்க வேண்டியிருக்கும். பேனாவால் அடித்த சொல் கண்ணில் படாமலே போய்விடும். அப்புறம் அது எங்குமே இல்லை என்று கடைசியில் தேடிக்கொண்டிருப்போம்.

2. எழுத்தை எண்ணுங்கள், வடிவத்தை அல்ல

ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து. புள்ளி வைத்த எழுத்துக்குத் தனிக் கட்டம் உண்டு. உயிர்மெய் எத்தனை குறியோடு வந்தாலும் ஒரே கட்டம்தான். ‘கோ’வில் கொம்பும் காலும் சேர்ந்து மூன்று உருவங்கள் தெரிந்தாலும் அது ஓர் எழுத்து. ‘வைக்கோல்’ என்பது வை, க், கோ, ல் என நான்கு. ‘பட்டாம்பூச்சி’ ப, ட், டா, ம், பூ, ச், சி என ஏழு.

புதியவர்கள் தவறுவது பெரும்பாலும் இரண்டு இடங்களில். ஒன்று, வாயால் சொல்லிப் பார்த்து அசையாக எண்ணுவது: ‘பல்-லக்-கு’ என்று மூன்றாக. மற்றொன்று, கண்ணால் பார்த்து உருவங்களை எண்ணுவது. ஒவ்வொரு எழுத்துக்கும் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து எண்ணினால் இரண்டுமே வராது.

விரிதாளில் பட்டியலைப் போட்டு LEN சார்பால் நீளம் பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அது புள்ளியையும் காலையும் கொக்கியையும் தனித்தனியாக எண்ணும். ‘பட்டாம்பூச்சி’க்கு அது தரும் விடை 13. இந்தப் புதிருக்கு அந்த எண்ணால் பயனில்லை.

‘க்ஷ’ வரும் சொல் இருந்தால், அதை ஒரு கட்டமாக வைத்திருக்கிறார்களா இரண்டாகவா என்பது புதிரை அமைத்தவரைப் பொறுத்தது. அடுத்த படியில் செய்யும் சரிபார்ப்பு அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

3. நீளவாரியாகப் பிரித்து, இடங்களோடு ஒப்பிடுங்கள்

எண்ணி முடித்ததும் ஒரே நீளமுள்ள சொற்களை ஒன்றாக எழுதுங்கள்.

ஏழு எழுத்து: பட்டாம்பூச்சி
ஐந்து எழுத்து: சித்திரம், பல்லக்கு, பூகம்பம், குடும்பம்
நான்கு எழுத்து: நிம்மதி, வைக்கோல்
மூன்று எழுத்து: கோலம், பழம், பறவை

இனி கட்டத்தில் உள்ள இடங்களை எண்ணுங்கள். முதலில் குறுக்காக எல்லா வரிகளையும், பிறகு நெடுக்காக எல்லா நெடுவரிசைகளையும். நம் கட்டத்தில் குறுக்காக 1, 3, 5, 7, 9 ஆகிய வரிகளில் முறையே 7, 4, 5, 4, 3 கட்டங்கள் கொண்ட இடங்கள். நெடுக்காக 1, 5, 7ஆம் நெடுவரிசைகளில் ஐந்து கட்டங்கள். 4, 6ஆம் நெடுவரிசைகளில் மூன்று கட்டங்கள். மொத்தம் பத்து இடங்கள், பத்துச் சொற்கள். நீளவாரியாகவும் பொருந்துகிறது.

இந்தக் கணக்கைத் தாண்டிக் குதிக்கத்தான் எல்லோருக்கும் ஆசை. ஆனால் ஒரு சொல்லைத் தவறாக எண்ணியிருந்தால் அது இங்கேதான் மலிவாகப் பிடிபடும்: நான்கு எழுத்தில் ஓர் இடம் மிஞ்சும், ஐந்து எழுத்தில் ஒரு சொல் மிஞ்சும். அந்த இரண்டு குழுக்களை மட்டும் மறுபடி எண்ணினால் போதும். பாதிக் கட்டம் நிரம்பிய பிறகு இதே தவறைப் பிடிக்க வேண்டுமானால் எழுதியதெல்லாம் சந்தேகத்துக்கு உள்ளாகிவிடும்.

தனியாக நிற்கும் ஒற்றைக் கட்டத்தை இடமாக எண்ணாதீர்கள். 2ஆம் வரியில் மூன்று வெள்ளைக் கட்டங்கள் தெரிகின்றன. அவை ஒன்றையொன்று தொடவில்லை. அங்கே குறுக்குச் சொல் கிடையாது.

4. ஒரே வழி உள்ள இடத்தில் தொடங்குங்கள்

ஒரு நீளத்தில் ஒரே ஒரு சொல் இருந்தால் அதற்கு ஒரே ஓர் இடம். யோசிக்க எதுவும் இல்லை. நம் புதிரில் அது பட்டாம்பூச்சி; முதல் வரியில் எழுதிவிடலாம்.

அப்படி ஒரு சொல் இல்லாவிட்டால் பலர் மிக நீளமான சொல்லைத் தேடிப் போகிறார்கள். நீளம் முக்கியமல்ல, போட்டி குறைவாக இருப்பதுதான் முக்கியம். எட்டு எழுத்தில் ஐந்து சொற்களும் நான்கு எழுத்தில் இரண்டே சொற்களும் இருந்தால், நான்கு எழுத்துதான் தொடக்கம். அந்த இரண்டும் ஒன்றையொன்று சந்தித்தாலோ, வேறொரு சொல்லை இருவேறு எழுத்துகளில் சந்தித்தாலோ இன்னும் நல்லது.

5. சந்திக்கும் எழுத்தை முழுதாகப் பாருங்கள்

முதல் வரி எழுதியதும் மூன்று சந்திப்புகள் திறக்கின்றன. 1ஆம் நெடுவரிசையின் சொல் ‘ப’வில் தொடங்க வேண்டும், 5ஆம் நெடுவரிசையில் ‘பூ’, 7ஆம் நெடுவரிசையில் ‘சி’. மூன்றும் ஐந்து கட்டங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. பல்லக்கும் பூகம்பமும் இரண்டுமே ‘ப’ வரிசைச் சொற்கள் என்று மனம் சொல்லும்; அகராதியில் அடுத்தடுத்துத் தேடிப் பழகிய மனம் அது. கட்டத்துக்கு ‘ப’ வேறு, ‘பூ’ வேறு. உயிர்மெய் முழுதாக ஒத்தால்தான் ஒத்தது. இப்படிக் கறாராகப் பார்த்தால் 1ஆம் நெடுவரிசையில் பல்லக்கு, 5ஆவதில் பூகம்பம், 7ஆவதில் சித்திரம் என மூன்றும் ஒரே மூச்சில் முடிகின்றன.

தமிழ்ப் புதிரில் சந்திப்பு வலிமையானது என்று சொன்னது இதனால்தான். எழுத்துகள் ஏராளம். தற்செயலாக இரண்டு சொற்கள் ஒரே உயிர்மெய்யில் ஒத்துப்போவது அரிது.

விதிவிலக்கு ஒன்று உண்டு: சொல்லின் கடைசியில் வரும் ‘ம்’. நம் பத்துச் சொற்களில் ஐந்து ‘ம்’ என்று முடிகின்றன. இரண்டு சொற்கள் தத்தம் கடைசி எழுத்தில் சந்தித்து அங்கே ‘ம்’ இருந்தால், அந்தப் பொருத்தத்தை நம்பி எதையும் எழுதக் கூடாது. 6ஆம் நெடுவரிசையும் 9ஆம் வரியும் அப்படித்தான் சந்திக்கின்றன. அங்கே கோலத்தை நெடுக்காகவும் பழத்தைக் குறுக்காகவும் எழுதினாலும் பொருந்தும், மாற்றி எழுதினாலும் பொருந்தும். கீழ்ப்பகுதியிலிருந்து தொடங்கியவர்கள் இங்கே பாதிக்குப் பாதி தவறாக எழுதிவிட்டு, மேலே போய் முட்டி நிற்பார்கள்.

அடுத்து 3ஆம் வரி. அதன் இரண்டாம் கட்டம் பூகம்பத்தின் ‘ம்’, கடைசிக் கட்டம் சித்திரத்தின் ‘தி’. வைக்கோலில் இரண்டாவது ‘க்’, எனவே நிம்மதி. இரண்டு எழுத்தும் ஒத்துவந்ததால் இதை முடிந்ததாகவே கொள்ளலாம். 5ஆம் வரியில் மிஞ்சிய ஐந்தெழுத்துச் சொல் குடும்பம் மட்டுமே. ஆனாலும் சும்மா எழுதாதீர்கள். பல்லக்கின் ‘கு’ அதன் தொடக்கமாகவும், பூகம்பத்தின் ‘ம்’ அதன் முடிவாகவும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருக்கின்றன. மிஞ்சிய சொல் பொருந்தாமல் போனால் அது முந்தைய தவறின் முதல் அறிகுறி. அதைப் பார்க்காமல் கடந்துவிடக் கூடாது.

6. முதலெழுத்து விதியைப் பயன்படுத்துங்கள்

4ஆம் நெடுவரிசையில் மூன்று கட்டங்கள். தொடக்கம் குடும்பத்தின் ‘ப’. பறவையும் வரலாம், பழமும் வரலாம். இப்படி இரண்டு சொற்கள் வரும் இடத்தில் புதியவர்கள் ஏதாவது ஒன்றை எழுதி, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று போவார்கள். அதற்கு முன் அடுத்த சந்திப்பை எட்டிப் பாருங்கள்.

இந்த இடத்தின் மூன்றாம் கட்டமே 7ஆம் வரிச் சொல்லின் முதல் கட்டம். பழத்தை எழுதினால் அங்கே ‘ம்’ வரும். தமிழில் எந்தச் சொல்லும் புள்ளி எழுத்தில் தொடங்காது. எனவே பழம் வராது, பறவைதான். 7ஆம் வரிக்கான சொற்களைப் பார்க்காமலே இதைச் சொல்லிவிடலாம்.

இந்த விதிக்கு மறுபக்கமும் உண்டு. உயிரெழுத்து சொல்லின் தொடக்கத்தில்தான் வரும். ஆகவே பட்டியலில் ‘அணில்’ மாதிரி ஒரு சொல் இருந்தால், அதன் முதல் கட்டம் வேறொரு சொல்லின் நடுவிலோ முடிவிலோ விழ முடியாது. ஒன்று, அந்தக் கட்டம் சந்திப்பே இல்லாத கட்டமாக இருக்க வேண்டும். அல்லது, இரண்டு சொற்களும் அதே கட்டத்தில் தொடங்க வேண்டும். பெரிய கட்டத்தில் உயிரெழுத்துச் சொற்களை மட்டும் தனியாக எடுத்து, இந்த நிபந்தனைக்கு ஏற்ற இடங்களைத் தேடினால் பல சொற்களுக்கு இரண்டு மூன்று இடங்களே மிஞ்சும்.

சுருக்கமாகச் சொன்னால், ஒரு கட்டம் ஒரு சொல்லின் முதலாகவும் இன்னொரு சொல்லின் நடு அல்லது முடிவாகவும் இருந்தால் அங்கே உயிர்மெய் மட்டுமே வரும். எழுதத் தொடங்குமுன் இத்தகைய கட்டங்களின் மூலையில் சிறு குறி இட்டுக்கொள்வது நல்ல பழக்கம். ஓர் எச்சரிக்கை: ‘க்ரீம்’, ‘ப்ரஷ்’ போலப் புள்ளியில் தொடங்கும் பிறமொழிச் சொற்கள் பட்டியலில் இருக்கின்றனவா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். இருந்தால் அவற்றின் நீளமுள்ள இடங்களுக்கு மட்டும் இந்த விதியைத் தள்ளி வையுங்கள்.

பறவை உட்கார்ந்ததும் மீதி தானாக வருகிறது. 7ஆம் வரி ‘வை’யில் தொடங்கும் வைக்கோல். அதன் மூன்றாம் கட்டம் ‘கோ’; அதிலிருந்து 6ஆம் நெடுவரிசையில் கோலம் இறங்குகிறது. 9ஆம் வரியில் பழம். கோலத்தின் ‘ம்’மும் பழத்தின் ‘ம்’மும் ஒரே கட்டத்தில் சேர்கின்றன. முந்தைய படியில் தீர்மானிக்க முடியாமல் இருந்த சந்திப்பை இப்போது ‘கோ’ தீர்த்துவைத்துவிட்டது.

7. தடைபட்டால்: முதலில் சொல்லுக்கு இடம், பிறகுதான் சோதனை

பெரிய கட்டங்களில் எல்லா இடங்களிலும் இரண்டு மூன்று சொற்கள் வரக்கூடியதாகத் தெரியும் நிலை வரும். அப்போது கேள்வியைத் திருப்பிப் போடுங்கள். இந்த இடத்தில் எந்தச் சொல் வரும் என்று கேட்டுக்கொண்டிருந்தோம். இந்தச் சொல் எந்த இடத்தில் வரும் என்று கேளுங்கள். ஓர் இடத்துக்கு மூன்று சொற்கள் பொருந்தலாம். அந்த மூன்றில் ஒன்றுக்கு வேறு எங்குமே இடமில்லாமல் இருக்கலாம். முதல் கேள்வியால் இது தெரியாது. வித்தியாசமான எழுத்துள்ள சொற்களில் தொடங்குங்கள். ‘ஞா’, ‘ழு’, ‘வௌ’ போன்றவை ஒரு சந்திப்பில் விழுந்தால் எதிரே அதே எழுத்துள்ள சொல் வேண்டும். பட்டியலில் அது இல்லையென்றால் அந்த எழுத்து சந்திப்பில்லாத கட்டத்தில்தான் விழ வேண்டும்.

இதுவும் உதவாதபோது சோதித்துப் பார்க்கலாம். இரண்டே சொற்கள் போட்டியிடும் இடமாக, சந்திப்புகள் அதிகமுள்ளதாகத் தேர்ந்தெடுங்கள். சந்திப்பு அதிகமிருந்தால் தவறு சீக்கிரம் வெளிப்படும். வேறு நிறப் பென்சிலால் ஒரு சொல்லை எழுதி, அதைத் தொடர்ந்து கட்டாயமாக வரும் சொற்களை மட்டும் அதே நிறத்தில் எழுதுங்கள். கீழ்க்கண்டவற்றில் ஒன்று நடந்தால் சோதனை தோல்வி: ஓர் இடத்துக்கு எந்தச் சொல்லும் பொருந்தவில்லை, ஒரே சொல் இரண்டு இடங்களுக்குத் தேவைப்படுகிறது, சொல்லின் முதல் கட்டத்தில் புள்ளி எழுத்து விழுகிறது. அந்த நிறத்தில் இருப்பதை முழுவதும் அழித்துவிட்டு மற்ற சொல்லை எழுதுங்கள். இப்போது அது ஊகமல்ல, உறுதி.

சோதனைக்குள் இன்னொரு சோதனையைத் தொடங்காதீர்கள். எது எந்த ஊகத்தால் வந்தது என்று பிரிக்க முடியாமல், கடைசியில் சரியானதையும் சேர்த்து அழிக்க நேரும். முதல் சோதனை முட்டாமலும் முடியாமலும் நின்றுபோனால், அதை அழித்துவிட்டு வேறு இடத்தில் தொடங்குவதே மேல்.

8. கண்ணாடி விடை

சில புதிர்களில் ஒரு சொல்லோ எழுத்தோ முன்கூட்டியே எழுதித் தரப்பட்டிருக்கும். எளிமைக்காகத் தந்தது என்று நினைத்து அதைப் புறக்கணிப்பவர்கள் உண்டு. அதற்கு வேறு காரணமும் இருக்கலாம்.

நான்கு இடங்கள் ஒரு சதுரச் சட்டம்போல் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள்: மேலே ஒன்று, கீழே ஒன்று, இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. ஒவ்வொன்றும் நான்கு கட்டம். சொற்கள் பட்டாசு, பருத்தி, திட்டம், சுற்றம். மேலே பட்டாசு, வலத்தில் சுற்றம், இடத்தில் பருத்தி, கீழே திட்டம் என்று எழுதலாம். நான்கு மூலைகளும் ப, சு, தி, ம் எனப் பொருந்தும். மேலே பருத்தி, வலத்தில் திட்டம், இடத்தில் பட்டாசு, கீழே சுற்றம் என்று எழுதினாலும் அப்படியே பொருந்தும்.

இடமேல் மூலையிலிருந்து வலக்கீழ் மூலைக்கு ஒரு கோடு வரைந்து, அதன் வழியே கட்டத்தை மடித்தால் இரு பாதியும் ஒன்றன்மேல் ஒன்றாக விழும் என்றால், எந்த விடைக்கும் இப்படி ஒரு கண்ணாடி விடை இருக்கும். எத்தனை யோசித்தாலும் தருக்கத்தால் ஒன்றை விலக்க முடியாது. கொடுக்கப்பட்ட எழுத்துதான் தீர்மானிக்கிறது. அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். இத்தகைய கட்டத்தில் எதுவும் தரப்படவில்லை என்றால் இரண்டு விடையும் சரியே. விடைப்பக்கத்தோடு ஒத்துவரவில்லையே என்று அழித்துக்கொண்டிருக்க வேண்டாம்.

நம் பத்துச் சொல் கட்டத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை. அது ஏழு நெடுவரிசை, ஒன்பது வரி, சதுரமே அல்ல.

9. கடைசியில் பொருந்தாதபோது எங்கே தேடுவது

இரண்டு சொல்லும் இரண்டு இடமும் மிஞ்சி, நீளம் ஒத்தும் எழுத்து ஒத்துவராமல் நிற்பது வழக்கமான முடிவு. முழுவதையும் அழிக்கத் தேவையில்லை.

பொருந்தாத கட்டத்தில் சந்திக்கும் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அதை எழுதியபோது எத்தனை எழுத்து ஒத்திருந்தது? நம் புதிரில் நிம்மதி போல இரண்டு சந்திப்பால் உறுதியானது என்றால் அதை விட்டுவிட்டு, அதற்கு அடுத்த சொல்லுக்குப் போங்கள். ஒரே ஒரு சந்திப்பில், அதுவும் கடைசி ‘ம்’மில் மட்டும் ஒத்திருந்தால், முதல் சந்தேகம் அதன்மேல்தான். அதே நீளமும் அதே சந்திப்பு எழுத்தும் கொண்ட இன்னொரு சொல் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்து, இரண்டையும் இடம் மாற்றி எழுதிப் பாருங்கள். கோலமும் பழமும் மாறி உட்கார்ந்திருந்தால், வைக்கோலின் மூன்றாம் கட்டத்தில் ‘ப’வா ‘கோ’வா என்ற சண்டையாகத்தான் அது தெரியும். இரண்டையும் மாற்றினால் தீர்ந்துவிடும்.

மாற்றியும் சரியாகவில்லை என்றால் மிஞ்சிய இரண்டு சொற்களையும் எழுத்தெழுத்தாக மறுபடி எண்ணுங்கள். பட்டியலிலிருந்து கட்டத்துக்கு எழுதும்போது ‘ல்ல’வில் ஒரு ‘ல்’ விடுபட்டு, அடுத்த எழுத்துகள் ஒரு கட்டம் முன்னே நகர்ந்து, கடைசிக் கட்டம் காலியாக இருப்பது அடிக்கடி நடக்கும். காலிக் கட்டம் தெரிந்ததும் அங்கே ஏதோ ஓர் எழுத்தை நிரப்பிவிடாமல், அந்தச் சொல்லை முதல் எழுத்திலிருந்து திரும்ப எழுதுங்கள்.